வட்டார எல்லை மாறும்போது: புதிய வரைபடம் உருவாகும் முறையும் அதனை ஆட்சேபிக்கும் வழிகளும்

ஒன்ராறியோவின் பல நகரங்களுக்குள் பழைய கிராமங்கள் இன்றும் தம் பெயரோடு வாழ்கின்றன. பிக்கரிங் வில்லேஜ் 1974ஆம் ஆண்டு அஜாக்ஸ் நகரத்துடன் இணைக்கப்பட்டது. யூனியன்வில் மார்க்கம் நகரின் ஒரு பகுதியாகியது. கிராமத்துக்கெனத் தனிச் சபை இல்லாது போனபின், அங்கு வாழ்வோரின் குரல் நகரசபைக்குச் சென்று சேர்வது அவர்களுடைய வட்டார உறுப்பினர் வழியாகவே. ஆகையால் வட்டார எல்லைக்கோடு ஒரு கிராமத்தின் நடுவே வரையப்படுமாயின், அக்கிராமம் இரு உறுப்பினர்களுக்கிடையே பகிரப்படும். இரு வட்டாரங்களிலும் அது சிறுபான்மையாகிவிடவும் கூடும்.

வட்டார எல்லைகளை நகரசபை மீளாய்வு செய்யும்போது, அவ்வப் பகுதி மண்டபத்தில் பொதுக் கூட்டம் நடைபெறும் என வீடுகளுக்கு ஓர் அறிவித்தல் வருவதுண்டு. அதில் பழைய எல்லையும் புதிய எல்லையும் குறிக்கப்பட்ட வரைபடம் இருக்கும். அவ்வரைபடம் எவ்வாறு உருவாகிறது, அதனை ஏற்காதவர்கள் எந்நிலையில் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த எல்லை எதனை மாற்றும், எதனை மாற்றாது

அறிவித்தலைக் கண்டவுடன் சிலர் தம் காணியின் எல்லை மாறப்போகிறது என அஞ்சுகின்றனர். வட்டார எல்லைக்கும் காணி உறுதிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வீட்டு முகவரி, தபாற் குறியீடு, சொத்து வரி வீதம், பிள்ளைகள் செல்லும் பாடசாலை ஆகியவை இதனால் மாறுவதில்லை. மாறுவது ஒன்றே: நகரசபைத் தேர்தலில் எந்த வட்டாரத்தின் வேட்பாளருக்கு வாக்களிப்பது, நான்கு ஆண்டுகளுக்கு எந்த உறுப்பினரிடம் சென்று முறையிடுவது என்பது. அதனோடு வாக்களிக்கும் நிலையமும் மாறக்கூடும்.

கோடு எங்கிருந்து பிறக்கிறது

வரைபடத்தின் முதற்படி தலைகளை எண்ணுவது. கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் குடிசன மதிப்பீடே இதற்கு அடிப்படை. அம்மதிப்பீட்டின் மிகச் சிறிய அலகு, பெரும்பாலும் நாற்புறமும் வீதிகளால் சூழப்பட்ட ஒரு வீட்டுத் தொகுதியாகும். எல்லை வரைபவர் இத்தொகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்து வட்டாரங்களை அமைக்கிறார். எல்லைகள் பெரும்பாலும் பெருவீதி, ஆறு, தொடருந்துப் பாதை ஆகியவற்றின் வழியே செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றைய காரணம், தாம் எந்த வட்டாரத்தில் இருக்கிறோம் என்பதை எவரும் இலகுவில் அறியக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது.

இரண்டாம் படி சராசரியைக் காண்பது. நகரின் மொத்தச் சனத்தொகையை வட்டாரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வட்டாரத்துக்குரிய சராசரி கிடைக்கும். ஒவ்வொரு வட்டாரமும் இச்சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் கூடாமலும் குறையாமலும் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ நகரசபைகளின் எல்லை மீளாய்வுகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இது வழக்கில் வந்த அளவேயன்றி, நகரசபைச் சட்டத்தில் எழுதப்பட்ட வரம்பன்று. தக்க காரணம் காட்டப்பட்டால் அதனைத் தாண்டவும் இடமுண்டு.

அக்காரணங்கள் எவை என்பதற்கு வழிகாட்டுவது கனடா உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு வழங்கிய ஒரு தீர்ப்பு. சஸ்காச்சுவான் மாகாணத்தின் தேர்தல் தொகுதிகள் பற்றிய அவ்வழக்கில், வாக்குரிமை என்பது எண்களின் முழுச் சமத்துவம் அன்று, பயனுள்ள பிரதிநிதித்துவமே என நீதிமன்றம் கூறியது. எண்ணிக்கைச் சமநிலைக்கே முதலிடம் என்றாலும், நிலவமைப்பு, ஒரு சமூகத்தின் வரலாறு, அதன் பொதுநலன்கள், சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் ஆகியவற்றையும் கருதலாம் என அது விளக்கியது. ஒரு கிராமத்தைப் பிரிக்கவேண்டாம் எனக் கேட்போருக்கு வலுவான அடித்தளம் இதுவே.

மூன்றாம் படி வருங்காலத்தைக் கணிப்பது. இன்று வயலாக உள்ள நிலத்தில் நாளை ஆயிரம் வீடுகள் எழலாம். எனவே அடுத்த இரண்டு அல்லது மூன்று தேர்தல்கள் வரை ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வளரும் என, அனுமதி பெற்ற வீட்டுத்திட்டங்களைக் கொண்டு மதிப்பிடுகின்றனர். இன்றைய எண்களில் நியாயமாகத் தோன்றும் கோடு, பத்தாண்டின் பின் நியாயமற்றதாகிவிடலாம்.

எவர் எண்ணப்படுகின்றனர்

வரைபடத்தைப் பார்ப்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இது: எண்ணப்பட்டவர்கள் வாக்காளர்களா, அல்லது அங்கு வாழும் அனைவருமா?

நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க ஒருவர் கனடியக் குடியுரிமை பெற்றவராகவும் 18 வயதை அடைந்தவராகவும் இருக்கவேண்டும். நிரந்தர வதிவிட உரிமை மாத்திரம் பெற்றவர்களும் பிள்ளைகளும் வாக்களிக்க முடியாது. ஆனால் வீதியில் குழி விழுந்தாலும் பனி அகற்றப்படாவிட்டாலும் அவர்களும் அதே உறுப்பினரையே நாடுகின்றனர். புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் நிறைந்த ஒரு பகுதியில் வாக்காளர்களை மட்டும் எண்ணினால், அப்பகுதி உண்மையிலும் சிறியதாகத் தோன்றும். அதனை ஈடுசெய்ய அவ்வட்டாரத்துடன் மேலும் பல வீதிகள் சேர்க்கப்படும். விளைவாக ஓர் உறுப்பினர் ஏனையோரைவிட மிகப் பலருக்குப் பணியாற்ற நேரும்.

கிங்ஸ்ரன் நகரில் 2013ஆம் ஆண்டு இக்கேள்வியே வழக்காகியது. நகரசபை அங்கு தங்கிப் பயிலும் உயர்கல்வி மாணவர்களைக் கணக்கிற் சேர்க்காது எல்லைகளை வகுத்தது. குயின்ஸ் பல்கலைக்கழக மாணவர் அமைப்பும், குடியிருப்பாளர் சங்கம் ஒன்றும் அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்தன. அக்காலத்தில் இவ்வழக்குகளை விசாரித்த ஒன்ராறியோ முனிசிப்பல் போர்ட், மாணவர்களும் எண்ணப்படவேண்டும் என முடிவு செய்தது. நகரசபை வகுத்த எல்லைகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன.

நிலக்கீழ் குடியிருப்புகளில் வாழ்வோரும் கணக்கில் விடுபடக்கூடும். ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் வாழ்ந்து ஒரு குடும்பம் மாத்திரம் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பியிருந்தால், மற்றைய குடும்பம் வரைபடத்தில் இல்லை. இவ்விடுபாட்டை ஈடுசெய்யச் சனத்தொகை எண்ணுடன் ஒரு திருத்தம் சேர்க்கப்படுவது வழக்கம். அத்திருத்தம் செய்யப்பட்டுள்ளதா எனக் கூட்டத்திற் கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

எவ்வகை ஆட்சேபம் பயன் தரும் என்பதை ஒரு கற்பனை நகரின் மூலம் பார்க்கலாம். அந்நகரில் 90,000 பேர் வாழ்கின்றனர். ஆறு வட்டாரங்கள் உள்ளன. எனவே சராசரி 15,000. அனுமதிக்கத்தக்க எல்லை 11,250 முதல் 18,750 வரை. 2038இல் நகரின் சனத்தொகை 108,000 ஆகும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அப்போது சராசரி 18,000. எல்லை 13,500 முதல் 22,500 வரை.

அந்நகரில் 4,000 பேர் வாழும் பழைய கிராமம் ஒன்று இதுவரை முழுமையாக 5ஆம் வட்டாரத்தில் இருந்தது. புதிய வரைபடம் கிராமத்தின் பிரதான வீதியையே எல்லையாக்குகிறது. வீதிக்கு வடக்கே உள்ள 1,600 பேர் 5ஆம் வட்டாரத்திலேயே இருப்பர். தெற்கே உள்ள 2,400 பேர் 2ஆம் வட்டாரத்துக்குச் செல்வர். கோயிலும் நூலகமும் வீதியின் ஒருபுறம். அவற்றைப் பயன்படுத்தும் வீடுகளிற் பெரும்பாலானவை மறுபுறம்.

கூட்டத்தில் முதலில் எழும் கோரிக்கை, முன்பு இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்பதாக இருக்கும். அவ்வாறு விட்டால் 5ஆம் வட்டாரத்தில் 19,700 பேர் இருப்பர். அது சராசரியைவிட 31 சதவீதம் அதிகம். கோடு மாற்றப்பட்டதற்குக் காரணமே இந்த எண்தான். ஆகவே இக்கோரிக்கை எளிதில் நிராகரிக்கப்படும்.

இரண்டாவது கோரிக்கை, முழுக் கிராமத்தையும் 2ஆம் வட்டாரத்திற் சேருங்கள் என்பது. இன்றைய கணக்கில் இது மிகப் பொருத்தமானது. புதிய வரைபடத்தின்படி 2ஆம் வட்டாரத்தில் 14,100 பேரும் 5ஆம் வட்டாரத்தில் 17,300 பேரும் உள்ளனர். வடக்கிலுள்ள 1,600 பேரும் 2ஆம் வட்டாரத்துக்கு வந்தால் இரண்டிலும் 15,700 பேர் இருப்பர். ஆனால் 2ஆம் வட்டாரத்தில் புதிய வீட்டுத்திட்டங்கள் வரவிருப்பதால், 2038இல் அங்கு 21,600 பேர் வாழ்வர் என வரைபடத்தோடு வந்த அறிக்கை கூறுகிறது. அதனோடு 1,600ஐக் கூட்டினால் 23,200. அது அக்காலச் சராசரியைவிட 29 சதவீதம் அதிகம். இக்கோரிக்கையும் வரம்பைத் தாண்டுகிறது.

மூன்றாவது கோரிக்கையை முன்வைப்பவர் வரைபடத்தை இன்னும் சற்று உற்றுப் பார்த்திருப்பார். 2ஆம் வட்டாரத்தின் மறுமுனையில், தொடருந்துப் பாதைக்கு அப்பால், இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டுத்திட்டம் உள்ளது. 2038இல் அங்கு 3,000 பேர் வாழ்வர். அதற்கு அடுத்துள்ள 4ஆம் வட்டாரம் மெதுவாக வளரும் பகுதி. 2038இல் அங்கு 14,500 பேரே இருப்பர். தொடருந்துப் பாதையை எல்லையாக்கி, அவ்வீட்டுத்திட்டத்தை 4ஆம் வட்டாரத்திற் சேர்த்தால், 2ஆம் வட்டாரம் 20,200 ஆகும்; சராசரியைவிட 12 சதவீதமே அதிகம். 4ஆம் வட்டாரம் 17,500 ஆகிச் சராசரியை நெருங்கும். இன்று அந்நிலத்தில் எவரும் வாழாததால் தற்போதைய எண்கள் மாறா. கிராமம் பிரியாது, எல்லையும் எவருக்கும் தெளிவாகத் தெரியும் ஒரு தொடருந்துப் பாதையாக அமையும்.

ஓரிடத்திலிருந்து அகற்றப்படும் மக்கள் வேறோரிடத்திற் சேர்க்கப்பட்டாகவேண்டும். அந்த மறுபக்கத்தையும் காட்டும் ஆட்சேபத்தையே எல்லை வரைபவரால் பயன்படுத்த முடியும். வட்டார எண்கள் யாவும் அறிவித்தலில் இடம்பெறா. அவை நகரசபையிடம் சமர்ப்பிக்கப்படும் அறிக்கையில் அட்டவணையாக இருக்கும். கூட்டத்துக்கு முன்னரே அதன் பிரதியை நகரசபைச் செயலாளர் அலுவலகத்திற் கேட்டுப் பெறலாம்.

முதற்கட்டம்: துணைவிதி நிறைவேறுமுன்

கிராம மண்டபத்தில் நடைபெறும் கூட்டம் கருத்தறியும் கூட்டமாகும். அங்கு எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. வரைபடத்தை மாற்றுவது மிக எளிதாக இருப்பதும் இக்கட்டத்திலேயே. அங்கு கூறப்படும் கருத்துகளைக் கேட்டபின் ஆய்வாளர் இறுதி வரைபடத்தை நகரசபைக்குப் பரிந்துரைப்பார். நகரசபை உறுப்பினர்கள் அதனைத் துணைவிதியாக நிறைவேற்றுவர்.

வாய்மொழியாகக் கூறியதோடு நில்லாது, அதனை எழுத்திலும் கொடுப்பது நன்று. எழுத்தில் நான்கு விடயங்கள் இருந்தாற் போதும்: எந்த எல்லைக்கோடு, எந்த வீதியிலிருந்து எந்த வீதி வரை, அக்கோடு எதனைப் பிரிக்கிறது, அதற்குப் பதிலாக எந்தக் கோடு, அதனால் எந்தெந்த வட்டாரங்களின் எண்ணிக்கை எவ்வாறு மாறும். பலர் ஒரே வசனங்களில் அனுப்பும் கடிதங்களைவிட, ஒரு வீதியின் அன்றாட வாழ்வை எடுத்துரைக்கும் ஒரு கடிதம் ஆய்வாளருக்குப் புதிய தகவலைத் தருகிறது. ஒரு தற்போதைய உறுப்பினரை விரும்புவதோ வெறுப்பதோ எல்லையை மாற்றுவதற்குரிய காரணமாக ஏற்கப்படுவதில்லை.

இரண்டாம் கட்டம்: துணைவிதி நிறைவேறியபின்

ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு நகரசபைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, துணைவிதி நிறைவேறிய 15 நாட்களுக்குள் நகரசபை பொது அறிவித்தல் வெளியிடவேண்டும் எனக் கூறுகிறது. மேன்முறையீட்டுக்கான இறுதி நாள் அதிற் குறிப்பிடப்பட்டிருக்கவேண்டும். கிராமக் கூட்டத்துக்கான அறிவித்தலும் இதுவும் வெவ்வேறானவை. முதலாவதைப் பார்த்தவர்கள் இரண்டாவதைக் கவனியாது விட்டுவிடுவது எளிது.

துணைவிதி நிறைவேறிய நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நாட்கள் எண்ணப்படுவது துணைவிதி நிறைவேறிய நாளிலிருந்தேயன்றி, அறிவித்தல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தன்று. அறிவித்தல் பதினைந்தாம் நாள் வெளியானால் எஞ்சுவது 30 நாட்களே. மேன்முறையீடு ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குரியது. ஆயினும் அதனை நகரசபையிடமே ஒப்படைக்கவேண்டும். நகரசபை அதனைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். ஆட்சேபம் என்ன என்பதோடு அதற்கான காரணங்களும் எழுதப்பட்டிருக்கவேண்டும். உரிய படிவம், கட்டணம் ஆகியவை பற்றி நகரசபைச் செயலாளர் அலுவலகத்திற் கேட்டறியலாம்.

இம்மேன்முறையீட்டைச் செய்யக்கூடியவர் எவரும் என்றே சட்டம் கூறுகிறது. வாக்காளராக இருக்கவேண்டும் எனக் கூறவில்லை. ஆகவே இன்னும் குடியுரிமை பெறாத ஒருவரும், வாக்களிக்க இயலாதவராயினும், தாம் வாழும் கிராமத்தின் எல்லையை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம்.

தீர்ப்பாயம் இரு தரப்பையும் விசாரித்து, துணைவிதியை உறுதிப்படுத்தலாம், திருத்தலாம் அல்லது நீக்கலாம். ஆயினும் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபையின் முடிவைத் தீர்ப்பாயம் இலகுவில் மாற்றுவதில்லை. வேறொரு வரைபடம் சற்று மேலானது எனக் காட்டுவது போதாது. நிறைவேற்றப்பட்ட வரைபடம் பயனுள்ள பிரதிநிதித்துவத்தைத் தரத் தவறுகிறது எனக் காட்டவேண்டும். கிங்ஸ்ரனில் எண்ணப்படாத மாணவர்களைச் சுட்டிக்காட்டியதைப் போல, அடிப்படையிலேயே ஒரு குறை இருப்பதை நிறுவினால் வாய்ப்பு அதிகம்.

எல்லையை மாற்றுமாறு கோரும் மனு

நகரசபை மீளாய்வு எதனையும் தொடங்காதிருக்கும்போதும் மக்களே அதனைக் கோர முடியும். சட்டத்தின் 223ஆம் பிரிவின்படி, வாக்காளர்களில் ஒரு சதவீதத்தினர் அல்லது 500 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் மனுவிற் கையொப்பமிடவேண்டும். எவ்வாறாயினும் 50 பேருக்குக் குறையலாகாது. 30,000 வாக்காளர் உள்ள நகரில் 300 கையொப்பங்கள் போதும். 80,000 வாக்காளர் உள்ள நகரில் ஒரு சதவீதம் 800 ஆயினும் 500 போதும். மனு கிடைத்து 90 நாட்களுக்குள் நகரசபை அதற்கேற்பத் துணைவிதி நிறைவேற்றாவிட்டால், மனுவிற் கையொப்பமிட்ட வாக்காளர் எவரும் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கு கவனிக்கவேண்டியது, மேன்முறையீட்டைப் போலன்றி இம்மனுவிற் கையொப்பமிடுவோர் வாக்காளராக இருக்கவேண்டும். வாக்காளர் அல்லாதோரின் கையொப்பங்கள் எண்ணிக்கையிற் சேரா. எனவே தேவையான தொகையைவிடச் சற்று அதிகமான கையொப்பங்களைத் திரட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

புதிய எல்லை எப்போது நடைமுறைக்கு வரும்

ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒக்ரோபர் மாதத்தில் நடைபெறுகின்றன. தேர்தல் ஆண்டின் ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் துணைவிதி நிறைவேறி, மேன்முறையீடுகள் இல்லாதிருந்தால் அல்லது அந்நாளுக்கு முன் அவை முடிவடைந்து துணைவிதி நிலைத்திருந்தால், அவ்வாண்டுத் தேர்தல் புதிய எல்லைகளின்படி நடைபெறும். அவ்வாறன்றேல் அடுத்த தேர்தல் வரை பழைய எல்லைகளே நீடிக்கும். உதாரணமாக, 2030ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு 2029 டிசெம்பர் 31ஆம் நாளுடன் அனைத்தும் முடிவடைந்திருக்கவேண்டும். அதற்குள் முடியாவிட்டால் புதிய எல்லைகள் 2034 வரை காத்திருக்க நேரும்.

இதனால் காலம் இரு பக்கமும் வேலை செய்கிறது. தேர்தலுக்கு அண்மையில் தொடங்கும் மீளாய்வை ஒரு மேன்முறையீடு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போடக்கூடும். பழைய எல்லையே தமக்குத் தீங்கானது எனக் கருதுவோருக்கு அத்தாமதமும் ஒரு தோல்வியே. கிராம மண்டபத்தில் வரைபடம் விரிக்கப்படும் அந்த மாலையிலேயே திருத்தங்களைக் கூறிவிடுவதன் பயன் இங்கு தெளிவாகிறது.

கூட்டத்துக்குச் செல்லுமுன் பார்க்கவேண்டியவை

அறிவித்தலைக் கையில் எடுத்ததும் தம் வீதியை வரைபடத்திற் கண்டுபிடித்து, பழைய கோடும் புதிய கோடும் அதனருகே எவ்வாறு செல்கின்றன எனப் பார்க்கவேண்டும். கோடு வீதியின் நடுவே செல்கிறதா, வீடுகளின் பின்புற எல்லையிற் செல்கிறதா என்பதும் முக்கியம்; வீதியின் நடுவே சென்றால் எதிர்வீடு வேறு வட்டாரமாகிவிடும். பின்னர் அறிக்கையின் அட்டவணையில் மூன்று எண்களைத் தேடவேண்டும்: தம் வட்டாரத்தின் இன்றைய சனத்தொகை, தேர்தல்கள் பல கடந்தபின் அதன் கணிக்கப்பட்ட சனத்தொகை, இரு காலத்துக்குமுரிய சராசரி. அண்மையில் குடிபுகுந்த வீட்டுத்திட்டம் ஏதும் விடுபட்டிருப்பின், அங்கு வாழ்வோரே அதனை முதலில் அறிவர்.

தமிழில் மொழிபெயர்ப்பு உதவி தேவைப்படுவோர், கூட்ட நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே அறிவித்தலில் உள்ள தொடர்பிலக்கத்தில் கேட்டுக்கொள்வது நலம். வர இயலாதவர்கள் தம் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். அறிவித்தலிற் குறிப்பிடப்பட்ட நாளுக்குள் அது சென்றடையவேண்டும்.